வீடு மாதிரியே ஒரு இடம்

விளம்பர எழுத்தாளருக்குத் தன் வரியில் ரொம்பப் பெருமை: ‘வீட்டை விட்டு வந்தவர்களுக்கு, வீடு மாதிரியே ஒரு இடம்.’ முப்பது விநாடி வீடியோவில் ஒரு பேயிங் கெஸ்ட் விடுதியைப் பற்றி இதற்கு மேல் என்ன சொல்லிக் கிழிப்பது? விடுதிக்காரம்மாவுக்கும் பிடித்துவிட்டது. அங்கே தங்கி வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணையே பேச வைக்கலாம் என்றார்.

அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கட்டிலோரம் வந்து நின்றாள். கேமரா ஓடியது.

“வீட்டை விட்டு வந்தவங்களுக்கு...”

“தலையை ஒழுங்கா வாரக் கூடாதா?” என்றார் விடுதிக்காரம்மா.

மறுபடி எடுத்தார்கள்.

“வீட்டை விட்டு...”

“நேத்து யார்கூடடி அவ்வளவு நேரம் போன்ல பேசின?”

அவள் எழுத்தாளரைப் பார்த்தாள். “எங்கம்மாவும் இப்படித்தான் சார். அதனாலதான் இவ்வளவு தூரத்துல வேலை தேடினேன். புதுசா வர்றவங்க வீடா கேக்குறாங்க? வாசலுக்குத் தனிச் சாவி உண்டான்னுதான் கேப்பாங்க.”

எழுத்தாளருக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. வரியை அடித்துவிட்டு, ‘கேள்வி கேட்க ஆளில்லை. உங்கள் சாவி உங்கள் கையில்’ என்று எழுதி நீட்டினார்.

விடுதிக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா விளம்பரத்துல பொய் சொல்லக் கூடாது.”

எழுத்தாளர் பழைய வரியையே திரும்ப எழுதினார். அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்காக, ‘மாதிரியே’ என்பதன் அடியில் ஒரு கோடும் போட்டார்.