மூன்று கரண்டிச் சாறு

ஈப்போவில் 1983ஆம் ஆண்டு அறிவியல் கண்காட்சியில் முதலாவதாக வந்தால் அடுத்து கோலாலம்பூரில் தேசியப் போட்டி. போயே தீருவது என்று கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை இருளாயி முடிவு கட்டியிருந்தாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் வேண்டாம், பிலிம்பிங் என்கிற புளிப்புக் காயின் சாறே போதும் என்பது அவளுடைய கருதுகோள். ஒரு குவளைப் பாலுக்கு மூன்று கரண்டி. பள்ளியில் உறைந்த பால், நடுவர் காசிவிஸ்வநாதன் முன்னால் மட்டும் தண்ணீராய் நின்றது.

"ஏம்மா உறையல?"

கூட்டாளி ஜெயபாலன் மனப்பாடம் பண்ணி வந்ததை ஒப்பித்தான். "அடுத்த தடவை மாதிரி எண்ணிக்கையக் கூட்டுவோம் சார்."

"நான் அதக் கேக்கலையே. பள்ளிக்கூடத்துல செஞ்சதுக்கும் இன்னைக்குச் செஞ்சதுக்கும் என்ன மாத்தம்?"

இருளாயி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். காய் அதே மரம், குவளை அதே குவளை. பால்தான் வேறு: பள்ளியில் அப்போதே மரத்திலிருந்து இறக்கியது, இன்று அம்மா போத்தலில் கொடுத்துவிட்டது. போத்தலைத் திறந்து முகர்ந்தாள். மூக்கில் சுருக்கென்று ஏறியது. பிறந்ததிலிருந்து பழகிய வாசம், காலையிலிருந்து அது தனியாகத் தெரியவே இல்லை. வெட்டிய பால் தோட்டத்து ஸ்டோருக்குப் போகுமுன் கட்டிவிடாமல் இருக்க, மரம் வெட்டும் அம்மா வீரம்மா வாளியில் அமோனியா விடுவாள். பஸ்ஸில் போகிற பாலாயிற்றே என்று மகளுக்கும் விட்டிருக்கிறாள்.

"அமோனியா இருக்கு சார். சாத்துல உள்ள புளிப்ப அது முறிச்சிருச்சி."

"அப்படின்னு எப்படிச் சொல்ற?"

"செஞ்சி காட்டுறேன் சார்."

மீதிப் பாலை இரண்டு குவளையில் சமமாக ஊற்றினாள். ஒன்றில் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்கினாள். இன்னொன்றில் அதே அளவு வெறும் தண்ணீர்.

"அது எதுக்கு?"

"சாறு இல்லாமலே உறையுதான்னு பாக்கணும்லா."

மூன்று, நான்கு, ஐந்து. அசைவில்லை. ஜெயபாலன் அவள் முழங்கையைச் சுரண்டினான். "போதும் இருளாயி, மானம் போவுது." அவள் காதில் வாங்கவில்லை. ஏழாவது கரண்டியில் பால் திரிந்தது. நடுவர் மற்ற மேசைகளைச் சுற்றிவிட்டு வந்தபோது கட்டியாகியிருந்தது. தண்ணீர் விட்ட குவளை அப்படியே கிடந்தது.

"அப்ப அட்டையில எழுதியிருக்கிற மூணு கரண்டி?"

இருளாயி அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். ராத்திரி விழித்து எழுதிய அட்டை அது. பேனாவை எடுத்து அந்த வரியை அவளே அடித்தாள். "தப்பு சார். பாலுக்குப் பால் மாறும். சாறு உறைய வைக்கும்கிறது மட்டும் நிக்குது."

அவர் எழுதிக்கொண்டே கேட்டார். "கோலாலம்பூருக்குப் பால் எப்படிக் கொண்டு போவ? அமோனியா விடுவியா?"

முதலிடம் தங்களுக்குத்தான் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. ஜெயபாலன் வாயைப் பிளந்தான்.

"விடாட்டி வழியிலேயே கட்டிரும் சார். விடுவேன்," என்றாள் இருளாயி. "இந்தத் தடவ அம்மா கையால இல்ல. நானே அளந்து விடுவேன்."