பதினொரு கறுப்பு, ஒன்பது வெள்ளை

கணவன் இறந்து இத்தா இருக்கத் தொடங்கிய இருபத்திரண்டாம் நாள், அஸர் தொழுகைக்குப் பிறகுதான் றஹீமா அவனுடைய போனைத் திறந்தாள். பொலிஸ் அதைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்திருந்தது. கண்ணாடி குறுக்காக வெடித்திருந்தாலும் சார்ஜில் போட்டதும் உயிர் வந்தது. மகள் ஆதிலா வகுப்புக்குப் போயிருந்தாள். உம்மா குசினியில் இருந்தா.

மருதமுனையில் அது அவளுடைய சீதன வீடு. முன்பக்க யன்னலுக்குத் தடித்த சீலை போட்டிருந்தார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் அவள் வாசலைத் தாண்ட முடியாது. யார் யார் வந்து போகிறார்கள் என்பதைக் குரலை வைத்துத்தான் அவள் அறிந்தாள். அறைக்கும் குசினிக்கும் கிணற்றடிக்கும் எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு நாளும் அதே அளவுதான்.

போனில் படுக் பலகை திறந்து கிடந்தது. அவளுடைய கணவன் ஸஜாத் ஆறு வருடம் கொரியாவில் ஒரு பிளாஸ்டிக் பெக்டரியில் வேலை செய்தவன். கொரியாக்காரர் படுக் என்று சொல்லும் அந்த விளையாட்டை அங்கே பகல் இடைவேளைகளில் பழகினான். ஊருக்கு வந்ததும் றஹீமாவுக்கும் சொல்லிக் கொடுத்தான். குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் சந்திக்கும் புள்ளிகளில் மாறி மாறிக் கல் வைக்க வேண்டும். ஒரு கல்லுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருக்கும் புள்ளி அதன் மூச்சு. எல்லா மூச்சையும் எதிராளி அடைத்துவிட்டால் கல் போய்விடும். ஒரு கூட்டத்துக்குள்ளே எதிராளி அடைக்க முடியாத இரண்டு தனித்தனி ஓட்டைகள் இருந்தால் அது சாகாது. அந்த ஓட்டைக்குக் கண் என்று பெயர். கடைசி வருடம் பத்து ஆட்டத்தில் மூன்றை றஹீமா வென்றாள்.

பலகைக்கு மேலே எதிராளியின் பெயர் இருந்தது: பவிதரன்.

தம்பிலுவிலைச் சேர்ந்த பவிதரன் அதே பெக்டரியில் ஸஜாத்துக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன். ஊர் திரும்பிய பிறகு இருவரும் சேர்ந்து சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பட்டறை போடுவதாக இருந்தார்கள். ஸஜாத் இறந்த நவம்பர் காலை அவன்தான் போன் எடுத்தான். "மச்சான், மெஷின் வந்திட்டு, இண்டைக்கே வந்து பார்" என்றான். மழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. நாளைக்குப் போகலாம்தானே என்று றஹீமா கேட்டாள். ஸஜாத் சிரித்துக்கொண்டு பைக்கை எடுத்தான். அக்கரைப்பற்றைத் தாண்டியதும் பைக் சறுக்கியது. பின்னால் லொறி.

ஜனாஸா அடக்கத்துக்குப் பவிதரன் வந்திருந்தான். அவன் வெளியே அழுத சத்தம் உள்ளே கேட்டது. அவளுடைய வாப்பா மீராமுகைதீன் அவனை ஆறுதல்படுத்திக்கொண்டிருந்தார். அந்த அழுகையை நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும் போல அவளுக்கு இருந்தது.

இப்போது பார்த்தால் ஆட்டத்தின் நேரம் நின்றிருந்தது. ஒரு கல்லுக்கு மூன்று நாள் தவணை. ஸஜாத் இறந்த அன்றே பவிதரன் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறான். கறுப்பின் முறை. ஸஜாத்தான் கறுப்பு.

வலப்பக்கக் கீழ் மூலையில் கறுப்புக் கற்கள் பதினொன்று சிக்கிக் கிடந்தன. சுற்றிவர வெள்ளை மதில். ஆனால் அந்தப் பதினொன்றுக்கும் மற்றக் கறுப்புக் கற்களுக்கும் இடையில் வெள்ளைக் கற்கள் ஒன்பது அகப்பட்டிருந்தன. அவற்றுக்கும் வெளியே போக வழியில்லை. இரண்டு கூட்டத்துக்கும் கண் கிடையாது. ஒன்று மற்றதைப் பிடித்தால்தான் பிழைக்கும்.

ஒன்பதையும் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்த மாதிரி. பவிதரன் எழும்ப முடியாது.

அவள் கடிகாரத்தை ஓட விட்டாள். வெள்ளையின் மூச்சொன்றை அடைத்துக் கல் வைத்தாள்.

அடுத்த நாள் பதில் வந்தது. கல் இல்லை, எழுத்து.

"யாரு இது?"

செத்தவனின் பெயரில் ஒரு கல் விழுந்ததைப் பார்த்து அவன் என்ன பாடுபட்டிருப்பான் என்று அவளுக்கு விளங்கியது. அது நல்லதென்றே பட்டது.

"றஹீமா. உங்கட முறை," என்று எழுதினாள்.

மாலைவரை ஒன்றும் வரவில்லை. பிறகு வெள்ளை, கறுப்பின் மூச்சொன்றை அடைத்தது.

உம்மா கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுத்தது.

"இத்தாவில இரிக்கிற புள்ள, போன்ல ஆரோட கதைக்கிறாய்?"

"கதைக்கல்ல உம்மா. கல்லு வைக்கிறன்."

"ஆரோட?"

"பவிதரனோட."

உம்மா வாசலைப் பார்த்தா, பிறகு குரலைத் தாழ்த்தினா. "ஊர் என்ன சொல்லும் மகள்? அந்தப் பொடியன்ட பேரக் கேட்டாலே வயிறு எரியுதெண்டு நீதானே சொன்னாய்?"

"அதுக்குத்தான் விளையாடுறன். அவன்ட கல்லப் புடிக்கப் போறன்."

உம்மாவுக்கு அது விளங்கவில்லை. பலகையை எட்டிப் பார்த்தா. கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள்தான், ஆளின் முகம் எதுவுமில்லை. பெருமூச்சு விட்டுவிட்டுப் போனா.

வெள்ளை ஒன்பதுக்கும் வெளிப்பக்க மூச்சு மூன்று இருந்தது. கறுப்பு பதினொன்றுக்கும் வெளியே மூன்று. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இன்னும் இரண்டு புள்ளிகள், அவை இருவருக்கும் பொது. றஹீமா அடைக்கும் ஒவ்வொரு மூச்சும் மிரட்டல். பவிதரன் ஒரு தடவை வேறு இடத்தில் கல் வைத்தாலும் அவனுடைய ஒன்பதும் போய்விடும். அவன் விடவில்லை. அவள் ஒன்றை அடைத்தால் அவனும் ஒன்றை அடைத்தான். மூன்றுக்கு மூன்று. வெளி மூச்சு இரண்டு பக்கமும் தீர்ந்தது.

இனி அந்த இரண்டு பொதுப் புள்ளிகள்தான் மிச்சம். அவளுடைய முறை.

முதல் புள்ளியில் விரலைக் கொண்டுபோனாள். வைத்தே இருப்பாள். அதற்குள் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். தொழுது வந்து மறுபடி எண்ணிப் பார்த்தாள். அதில் கல் வைத்தால் அவனுடைய ஒன்பதுக்கும் ஒரேயொரு மூச்சுத்தான் மிஞ்சும், அது சரி. ஆனால் அவளுடைய பதினொன்றுக்கும் மிஞ்சுவது அதே ஒரு மூச்சுத்தான். அடுத்த முறை அவனுடையது. அவன் அதில் கல் வைத்துப் பதினொன்றையும், அவள் புதிதாக வைத்ததையும் சேர்த்து அள்ளிவிடுவான்.

மற்றப் புள்ளியில் வைத்தால்? அதே கதைதான்.

பழைய கொப்பி ஒன்றில் கோடு கீறி, வெள்ளைக்கு அரிசியும் கறுப்புக்குப் பயறும் வைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் பார்த்தாள். தனக்கு வெளியே நான்காவதாக ஒரு மூச்சு மட்டும் இருந்திருந்தால் பிடித்திருக்கலாம். ஒரேயொரு மூச்சு. ஸஜாத் அதை எங்கே, எந்தக் கல்லில் விட்டான் என்று போனில் ஆட்டத்தைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவனிலும் கோபம் வந்தது. மழைக்குள் போனவனும் அவன்தானே.

மூன்றாம் நாள் தவணை முடிய ஒரு மணித்தியாலம் இருந்தது. அறையில் காற்றில்லை. விளையாட்டில் ஒருவரையொருவர் பிடிக்க முடியாத இந்த நிலைக்கு ஸஜாத் ஒரு கொரியச் சொல் சொல்லியிருந்தான்: பிக். இருவருக்கும் கண்ணில்லை, இருவரும் உயிர். முதலில் கை வைக்கிறவன் சாவான். அவள் தொட்டால் அவள் போவாள், அவன் தொட்டால் அவன் போவான். அதனால் இருவரும் ஆட்டம் முடியும்வரை அதைத் தொடாமல் விட வேண்டும். கல்லை எடுக்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. அப்படியே பக்கத்தில் பக்கத்தில் கிடக்க வேண்டியதுதான்.

இடப்பக்க விளிம்பில் ஒரு சின்னக் கல் வைத்தாள். மூலையை விட்டாள். விட்டபோது ஆறுதலாக இருக்கவில்லை. கையைக் கட்டிப் போட்ட மாதிரித்தான் இருந்தது.

அவனும் மூலையைத் தொடவில்லை.

பிறகு ஆட்டம் நீண்டது. விளிம்புகளில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று எல்லை பிரித்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு கல், சில நாள் இரண்டு. றஹீமா காலையில் அதற்காக எழும்பத் தொடங்கினாள். எண்பத்தேழாம் நாள் வைக்க இடமில்லாமல் போனது. அவள் பாஸ் கொடுத்தாள், அவனும் கொடுத்தான்.

எண்ணிக்கைத் திரை வந்தது. எந்தக் கல் உயிர், எந்தக் கல் செத்தது என்று முதலில் கணினி ஒரு கணக்குக் காட்டும். பிழையென்றால் விளையாடுபவர்கள் திருத்தலாம். இருவரும் சரியென்று அழுத்தினால்தான் முடிவு.

மூலையைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணினி வெள்ளை ஒன்பதையும் செத்ததாகக் காட்டியது. அதன்படி கறுப்புக்குப் பதினேழரைப் புள்ளி வெற்றி.

அதற்குக் கீழே பவிதரன் ஏற்கெனவே சரியென்று அழுத்தியிருந்தான்.

அவனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. மூச்சுக்கு மூச்சு எண்ணி அந்த ஒன்பதையும் காப்பாற்றியவன் அவன். இப்போது செத்ததென்று தானே ஒப்புக்கொண்டு தந்துவிட்டு இருக்கிறான். அவள் ஒரு தடவை அழுத்தினால் போதும். இருபத்திரண்டாம் நாள் அவள் கேட்டது இதைத்தான்.

பச்சைப் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது.

அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம். யார் கேட்டார் இந்தத் தருமத்தை? பிறகு அந்த நாட்களில் அரிசியும் பயறுமாகக் குந்தியிருந்தது நினைவுக்கு வந்தது. அவள் கண்ணால் கண்டது பொய்யில்லை. அந்த ஒன்பதும் சாகவில்லை.

வெள்ளைக் கூட்டத்தின் மேல் தொட்டாள். ஒன்பதும் மறுபடி உயிராகின. அவன் அழுத்தியது தானாக ரத்தானது. எண்ணிக்கை மாறியது: வெள்ளைக்கு இரண்டரைப் புள்ளி வெற்றி.

"இது பிக். ரெண்டும் உசிரோட இரிக்கி. சரியா எண்ணுங்க," என்று எழுதிவிட்டு அவள் சரியென்று அழுத்தினாள்.

அவன் இரண்டு நாள் அழுத்தவில்லை. இரண்டாம் நாள் பகல் எழுத்து வந்தது.

"அக்கா, நான் அண்டைக்கு அவன நாளைக்கு வா எண்டு சொல்லியிருக்கலாம்."

அவள் அதை நாலைந்து தடவை வாசித்தாள். அவர் உங்கட சொல்லையும் கேட்டிருக்க மாட்டார் என்று எழுதி, அழித்தாள். அது அவளுக்கு நிச்சயமில்லை.

"ஓம். சொல்லியிருக்கலாம்," என்று எழுதினாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் அவரத் தடுத்திருக்க ஏலும். இனி அதுல கை வைக்கிறதில்ல தம்பி. அழுத்துங்க," என்று சேர்த்தாள்.

பவிதரன் அழுத்தினான். ஸஜாத்தின் பெயருக்கு நேரே தோல்வி என்று பதிவானது.

உம்மா சோற்றுக் கோப்பையோடு உள்ளே வந்தா. "என்ன, முடிஞ்சா?"

"முடிஞ்சி. தோத்துட்டன்."

"அவன்கிட்டயா?" உம்மாவின் முகம் கறுத்தது. "ஏண்டி, புடிக்கப் போறன் எண்டாயே?"

"புடிக்க ஏலாது உம்மா. அவனுக்கும் என்னைப் புடிக்க ஏலாது."

உம்மா கோப்பையை வைத்தா. வெளியே மீன்காரனின் ஹோர்ன் கேட்டது, றோட்டோடு தூரமாகிப் போனது. இன்னும் நாற்பது நாள் பக்கம் இருந்தது. றஹீமா கை கழுவிவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தாள்.