லண்டன் தாய்மாமன்

தா.பழூர் கடைத்தெருவில் பேனர் கட்டியபோது ஜெயசீலனின் படம் பிள்ளையின் படத்தைவிடப் பெரிதாக இருந்தது. காது குத்திக்கொள்ளப் போகும் அக்கா மகள் இலக்கியா ஒரு மூலையில் ரோஜாப்பூவுக்குள் இருந்தாள். நடுவில் கோட்டு போட்ட ஜெயசீலன். பின்னால் அவன் ஒருமுறை மட்டும் பார்த்த பாலம். கீழே, 'லண்டன் தாய்மாமன்.' அவன் படித்த ஊரிலிருந்து லண்டனுக்கு ரயிலில் மூன்று மணி நேரம். அப்பா நடராசனிடம் சொன்னான்.

"நம்மூர்லேர்ந்து மெட்ராஸ் அஞ்சு மணி நேரம். நம்மள மெட்ராஸ் ஸ்டேட்டுன்னு சொல்லல? போடா."

படித்தது சரக்குப் போக்குவரத்து மேலாண்மை. செய்த வேலை ஒரு கிடங்கில் பெட்டி எடுப்பது. அந்த வகையில் படிப்பும் வேலையும் பொருந்தியிருந்தன என்று சொல்லலாம். படிக்கும் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் அனுமதி. படிப்பு முடிந்தபின் முழு நேரமும் பெட்டி எடுக்கும் உரிமை கிடைத்தது.

மாணவர் விசா ஜனவரியில் ஒரு சனிக்கிழமை முடிகிறது. அதற்குள் பட்டதாரி விசாவுக்கு விண்ணப்பித்தால் இரண்டு வருடம் அங்கே எந்த வேலையும் பார்க்கலாம். தேர்ச்சி பெற்றுவிட்டான், பல்கலைக்கழகமும் அரசுக்குத் தெரிவித்துவிட்டது. பாக்கி ஒன்றுதான். விண்ணப்பிக்கும்போது அவன் அந்த நாட்டுக்குள் இருக்க வேண்டும்.

அவனோ தா.பழூரில் இருந்தான். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும் என்று அக்கா மேகலா கேட்டாள். டிசம்பர் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றான். அப்பா போனில் "சரி" என்றார். ஓராண்டாக எல்லாவற்றையும் இங்கிலீஷ் மாதத்தில் நினைத்ததில் மார்கழி என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது. அப்பாவுக்கு மறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பேசும் பிள்ளையிடம் எதிர்த்துப் பேச வேண்டாமே என்று விட்டுவிட்டார். அவன் வந்து இறங்கிய பிறகு, தை பிறந்து நாள் பார்த்ததில் திருமழபாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். விசா முடிந்த மறுநாள்.

"ஒரு நாளுதானடா," என்றார் நடராசன். "டிராக்டர் இன்சூரன்சு ஒரு வாரம் தாண்டிப் போயி கட்டுனேன். வாங்கிக்கிட்டாங்கல்ல? ஃபைன கட்டிரு."

"ஃபைனெல்லாம் கெடயாதுப்பா. முடிஞ்சா முடிஞ்சதுதான்."

"அப்ப இப்பவே போயி எழுதிக் குடுத்துட்டு காதுகுத்துக்கு வந்துரு."

"எழுதிக் குடுத்துட்டு முடிவு வர்றதுக்குள்ள நாட்ட விட்டு வெளிய வந்தா, குடுத்ததே செல்லாது. வாபஸ் வாங்குன மாதிரி."

"என்னாடா கவர்மெண்டு இது. அந்த விசாவத்தான் காட்டு, பாப்போம்."

அது ஆன்லைனில்தான் இருந்தது. ஜெயசீலன் போனை நீட்டினான். நடராசன் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"சீலே இல்ல. இதுக்கா நெலத்துப் பத்தரத்த பேங்க்குல வச்சிருக்கேன்?"

மறுநாள் அரியலூரில் பஸ் மாறி இருவரும் பெரம்பலூர் போனார்கள். அவனை அனுப்பிவைத்த ஏஜென்ட் உத்திராபதியின் ஆபீஸ் பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே பப்ஸ் வாசனை. சுவரில் விசா கிடைத்தவர்களின் படங்கள். அவற்றில் ஜெயசீலனும் பாஸ்போர்ட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அவர்கள் கட்டணம் வாங்கவில்லை.

"தம்பி சொல்றது கரெக்டுங்க," என்றார் உத்திராபதி. "உள்ளேர்ந்துதான் போடணும். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

"போட்டா வேல கெடைக்குமா?" என்று நடராசன் கேட்டார்.

"ரெண்டு வருசம் தேடலாங்க."

"கெடைக்குமான்னு கேட்டேன்."

உத்திராபதி விசிறியின் வேகத்தைக் கூட்டினார். "அதுக்கப்புறம் இருக்கணும்னா கம்பெனி ஸ்பான்சர் பண்ணணும். சம்பளமும் அவங்க சொல்ற அளவுக்கு இருக்கணும். இப்ப ஏத்திட்டாங்க. ஆனா முயற்சி பண்ணலாங்க. இல்லன்னா ஜெர்மனி இருக்கு. தம்பிக்குத் தள்ளுபடி பண்றேன்."

திரும்பும் பஸ்ஸில் ஜெயசீலன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். விண்ணப்பக் கட்டணமும் இரண்டு வருட மருத்துவக் கட்டணமும் சேர்ந்து நம் காசில் மூன்றரை லட்சத்துக்கு மேல். அவன் சேர்த்து வைத்திருந்ததும் ஏறக்குறைய அதுதான். ஓராண்டு பெட்டி எடுத்ததில் சேர்ந்த பணத்தைக் கட்டினால், மேலும் இரண்டாண்டு பெட்டி எடுக்க அனுமதி கிடைக்கும். பெரிய வேலைகளுக்கும் போட்டுப் பார்த்திருந்தான். ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று அழுத்திய கொஞ்ச நேரத்தில் வருத்தம் தெரிவித்து மெயில் வரும். வருத்தப்படுவதில் அந்த நாட்டுக்காரர்களை மிஞ்ச முடியாது. இந்தப் பக்கம், அரியலூர் சிமெண்டு ஆலை ஒன்றில் லாரி அனுப்பும் பிரிவில் ஆள் கேட்டிருந்தார்கள். சம்பளம் வெளியே சொல்லும்படி இல்லை. கடன் தவணை தொடங்க இன்னும் சில மாதங்கள் இருந்தன.

செவ்வாய்க்கிழமை திருச்சியிலிருந்து அவனுக்குத் திரும்பும் விமானம். காதுகுத்தைத் தள்ளி வைக்கச் சொன்னால் அக்காவின் புகுந்த வீட்டார் சம்மதிக்கப் போவதில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மேகலாவிடம் போய்க் கேட்டான்.

"அக்கா, தள்ளி வக்க முடியாதுல்ல?"

மேகலா சீர்த்தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"முடியாது. பத்திரிக்க வச்சாச்சு. ஆனா நீ போ. பெரியப்பா மவன் அரங்கநாதன் மடியில உக்கார வச்சிக்கிறேன். அவனும் மாமந்தான்."

ஜெயசீலன் இதை எதிர்பார்க்கவில்லை. "பேனரெல்லாம் கட்டியாச்சேக்கா."

"பேனர்ல நீ இரு. மடியில அவன் இருக்கட்டும். என்னாடா முழிக்கிற? முடியவே முடியாதுன்னு நான் அழுவணும், நீ எனக்காவ எல்லாத்தயும் விட்டுட்டு உக்காந்துக்கணும். நாளைக்குக் கடன் கட்ட முடியலன்னா, அக்கா மவ காதால லண்டன் போச்சும்ப. அதான?"

"இல்லக்கா…"

"போறதுன்னா போ. இருக்கறதுன்னா இரு. எம்புள்ள காதுல பழிய மாட்டாத. அதுக்குத் தோடு வாங்கி வச்சிருக்கேன்."

அவன் வாசலுக்கு வந்தான். கிடங்கில் ஷிப்டு தொடங்குமுன் கையில் கட்டும் ஸ்கேனர் ஞாபகம் வந்தது. ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நேரமானால் அது அதிரும். அதற்கு மறுபடியும் கையை நீட்ட அவனுக்கு இஷ்டமில்லை. எப்போதோ எடுத்த முடிவு. சொல்வதற்குத்தான் வேறு ஆளைத் தேடிக்கொண்டிருந்தான்.

அப்பா மாட்டுக்கொட்டகையில் இருந்தார்.

"நான் போவலப்பா."

"காதுகுத்துக்கா?"

"காதுகுத்துக்காவ இல்ல. எனக்குப் பிடிக்கல. விசாவுக்கு வச்ச காசக் கடன்ல கட்டிர்றேன். சிமெண்டு ஆலையில கேட்டிருக்காங்க, போறேன்."

நடராசன் மாட்டைப் பார்த்தார். மாடு வேறெங்கோ பார்த்தது.

"இத லண்டன்லேர்ந்து போன்லயே சொல்லியிருந்தா பேனர் செலவு மிச்சம்," என்றார். பிறகு, "ஞாயித்துக்கெழம வரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடாத."

சனிக்கிழமை இரவோடு விசா முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை திருமழபாடியில் இலக்கியா மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதாள். பத்தர் குத்தி முடித்ததும் அவன் சட்டையில் மூக்கைத் துடைத்தாள். பந்தியில் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள்.

"எப்ப மாப்ள லண்டன்?"

ஜெயசீலன் அப்பாவைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தாகிவிட்டது.

"போவலங்க. இனிமே இங்கதான்."

"லீவு சாஸ்தியா போட்டியளா?" என்றார் ஒருவர். அவருக்கு வேறு எப்படியும் புரியவில்லை. பக்கத்து இலைக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவர் பாயசத்தோடு எழுந்து அதைச் சொல்லப் போனார்.

மறுநாள் அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்டார்கள். நடராசன் பேனரைக் கழற்றிக் கொண்டுவந்து போரின் மேல் விரித்தார். கோட்டு போட்ட மகன் வானத்தைப் பார்த்துச் சிரித்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் படம் உள்பக்கம் போகும்படி திருப்பிப் போட்டார்.

"அந்த முனையப் புடிடா," என்றார். ஜெயசீலன் பிடித்தான். கயிற்றை இழுத்துக் கட்டினார்கள்.