நூற்றுக்கு நூறு வாங்கிய பூட்டுக்காரர்

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. படித்தது வணிகவியல், பார்ப்பது ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலை. கம்பெனிகள் அனுப்பும் வேலை அறிவிப்பையும், வேலை தேடுகிறவர்கள் அனுப்பும் விவரக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தம் பார்ப்பேன். ஜாதகத்திலாவது பத்துப் பொருத்தத்தோடு விட்டுவிடுவார்கள். எங்கள் மென்பொருள் முப்பது பார்க்கும்.

மூன்று வாரமாக ஒரே அறிவிப்பு என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியில் ஓடும் கதவுப் பூட்டு செய்கிற கம்பெனி அது. எங்கள் வழக்கப்படி அறிவிப்பில் கம்பெனி பெயரோ, அது செய்யும் பொருளோ இருக்காது. வேண்டியதெல்லாம் வரிசையாக இருந்தது: கருவிக்கு மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் அனுபவம். அதற்குள் ஓடும் ஃபர்ம்வேரை சி மொழியில் எழுதத் தெரிய வேண்டும். ஆசிலோஸ்கோப், லாஜிக் அனலைசர் போன்ற சோதனைக் கருவிகளை வைத்துச் சர்க்யூட் போர்டில் கோளாறு தேடத் தெரிய வேண்டும். கடைசியாக ஒரு விசித்திரமான வரி: 'மோட்டார் தொடங்கும்போது எப்போதாவது தானாக ரீசெட் ஆகும் (அணைந்து மறுபடி தொடங்கும்) கோளாறைக் கையாண்ட அனுபவம்.'

ஐந்து பேரை அனுப்பினேன், ஐந்து பேரும் திரும்பி வந்தார்கள். அதில் ஒருவர் பிரிண்டர் பழுது பார்ப்பவர். ஹார்டுவேர் என்று போட்டிருந்தார், நம்பி அனுப்பிவிட்டேன். அந்தக் கம்பெனியின் பிரிவுத் தலைவர் போனில், "மேடம், கடைக்குப் போய் நெய் கேட்டா விளக்கெண்ணெய் குடுக்கறீங்களே" என்றார். எனக்கும் நெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் உண்மை. அதை அவரிடம் சொல்லவா முடியும்?

அன்று காலை ஒரு விவரக் குறிப்பு வந்தது. மென்பொருள் போட்ட மதிப்பெண் நூறு.

பதினோரு வருடத்தில் நான் நூறு பார்த்ததில்லை. எழுபது வந்தால் டீ வாங்கிக் கொடுப்போம், எண்பது வந்தால் என் மேலாளர் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து பார்ப்பார். நூறு என்றால் ஒரே அர்த்தம்தான். போன வருடம் ஒருவன் அறிவிப்பு முழுவதையும் வெள்ளை எழுத்தில் தன் காகிதத்தின் அடியில் ஒட்டி அனுப்பினான். கண்ணுக்குத் தெரியாது, மென்பொருளுக்குத் தெரியும்; தொண்ணூற்றெட்டு போட்டது. அதிலிருந்து ஒரு விதி வந்தது: தொண்ணூற்றைந்துக்கு மேல் வந்தால் சந்தேகப்படு, வரிக்கு வரி ஒத்துப்போனால் சிவப்புக் குறி போடு. சிவப்புக் குறி விழுந்தவருக்கு இரண்டு வருடம் எங்கள் வழியாக எந்த வேலையும் கிடையாது. ஊரில் பாதிக் கம்பெனி எங்கள் வழியாகத்தான் ஆள் எடுக்கிறது.

திரையில் அறிவிப்பு இடப்பக்கம், அவருடையது வலப்பக்கம். வரிக்கு வரி ஒன்று. வரிசைகூட மாறவில்லை, அந்த ரீசெட் கோளாறு உட்பட. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பி அடிப்பவன் கொஞ்சமாவது மாற்றி அடிக்க மாட்டானா? சிவப்புக் குறியைத் தட்டினேன். 'தங்கள் விண்ணப்பம் நேர்மையற்றதாகக் கருதப்படுகிறது' என்ற கடிதம் தானாகவே போயிற்று.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"இப்ப ஒரு கடிதம் வந்திருக்குங்க. எங்க வீட்டுக்காரருக்கு. நேர்மை இல்லைன்னு போட்டிருக்கு. எட்டு மாசமா வேலை இல்லாம இருக்காருங்க, அதைச் சொன்னாக்கூடத் தாங்கிக்குவாரு. இதை எப்படித் தாங்குவாரு? அவரு கடையில மிச்சக் காசு கூடக் குடுத்தா திரும்ப நடந்து போய்க் குடுக்கிற ஆளு."

"அவரையே பேசச் சொல்லுங்கம்மா."

"ஏங்க... இந்தாங்க, பேசுங்க. கோபப்படாதீங்க."

கோபம் எதுவும் வரவில்லை. மெல்லிய, களைத்த குரல். "வணக்கம் மேடம். நான் என்ன பொய் சொன்னேன்னு மட்டும் சொல்லுங்க."

"அறிவிப்பை அப்படியே காப்பி அடிச்சிருக்கீங்க சார்."

"இல்லையே. நான் அதை எழுதி எட்டு மாசம் ஆச்சு."

"அறிவிப்பு வந்தே மூணு வாரம்தான் ஆகுது."

"அதான் எனக்கும் புரியல மேடம். அறிவிப்பைப் பாத்ததும் நீங்கதான் என்னோடதை எங்கேயோ எடுத்துக் காப்பி அடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். சரி, கேட்டா வேலை கெட்டுப்போகுமேன்னு கேக்கல."

திருடனைப் பிடித்தால் அவன் நம்மையே திருடி என்கிறான், அதுவும் இவ்வளவு மரியாதையாக. பொய் சொல்கிறவர் கொஞ்சமாவது சத்தம் போடுவார், இவர் நான் பதில் சொல்லக் காத்திருந்தார். "பார்த்துச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன். எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

மேலாளரிடம் போனேன். அவர், "குறி போட்டாச்சில்ல, அடுத்த ஆளைப் பாரு" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மனசு ஒப்பவில்லை. பூட்டுக் கம்பெனிப் பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டேன்.

"சார், ஒரு சந்தேகம். அந்த அறிவிப்பை எழுதினது யாரு?"

"ஏன் மேடம், தப்பா இருக்கா?"

"தப்பில்ல. யாரு எழுதினது?"

கொஞ்சம் இழுத்தார். "எழுதினதுன்னு சொல்ல முடியாது. முன்னாடி ஒருத்தர் இருந்தாரு. ஆள் குறைப்பில போயிட்டாரு. போறப்ப ஒப்படைப்புக் குறிப்பு ஒண்ணு குடுத்துட்டுப் போனாரு, தான் பாத்த வேலையெல்லாம் எழுதி. அவரு போனப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த ஆளு இல்லாம முடியாதுன்னு. அதே மாதிரி ஆள் வேணும்னு அந்த முதல் பக்கத்தை அப்படியே அறிவிப்பாப் போட்டுட்டேன்."

போன் காதில் இருக்கும்போதே 'நூற்றுக்கு நூறு' ஆசாமியின் விவரக் குறிப்பை மறுபடி திறந்தேன். எங்கள் மென்பொருள் முதல் பக்கத்தைத்தான் காட்டும். இரண்டாம் பக்கம் வேண்டுமென்றால் கீழே ஒரு மூலையில் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு பார்க்கிறவள் நான், அந்த மூலையை எப்போது தட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. தட்டினேன்.

முதல் வரியில் கம்பெனியின் பெயர் இருந்தது. நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேனோ அதே கம்பெனி. ஐந்து வருடம். அதற்குக் கீழே: 'ரீசெட் கோளாறின் காரணத்தைக் கண்டுபிடித்தேன் (ஒப்படைப்புக் குறிப்பு, பக்கம் 9). நிரந்தரத் தீர்வு பாதியில் நிற்கிறது (பக்கம் 10).'

மனுஷன் தன் குறிப்பின் முதல் பக்கத்தையே விவரக் குறிப்பாக வைத்திருக்கிறார். இவர்கள் அதையே அறிவிப்பாக்கியிருக்கிறார்கள். ஒரே காகிதம் இரண்டு வழியாக என் மேசைக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, நடுவில் நான் ஒருத்தி அவருக்குக் கள்ளப்பட்டம் கட்டியிருக்கிறேன். முகம் சுட்டது. அந்த வெட்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"சார், அந்தக் குறிப்புல ஒன்பதாம் பக்கம் படிச்சீங்களா?"

"ஒன்பதா? அது மொத்தம் பத்தோ என்னவோ... ஏன்?"

"ரீசெட் ஏன் ஆகுதுன்னு அதுல இருக்காம். அந்தக் குறிப்பு எழுதினவரே இப்ப விண்ணப்பிச்சிருக்காரு."

போனை மேசையில் வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும், இழுப்பறை திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் இணைப்பு அறுந்தது.

மதியம் இரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். குரலில் குதூகலம்.

"மேடம், அடிச்சது லாட்டரி! நாங்க இத்தனை நாளா லேப்ல பேட்டரிக்குப் பதிலா பவர் சப்ளை வெச்சே சோதிச்சிட்டிருந்தோம், ஒருக்காகூட ரீசெட் ஆகல. பூட்டு வாங்கினவங்க வீட்டுல மட்டும் ஆச்சு. குறிப்புல என்ன எழுதியிருக்காருன்னா, மோட்டார் கெளம்பற கணத்துல பேட்டரி வோல்டேஜ் சடார்னு இறங்குதாம், ஒரு சில மில்லிசெகண்டுதான். அதுக்குள்ள மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகிடுது. மின்சாரத்தைத் தேக்கி வெச்சுக் குடுக்கிற பெரிய கெப்பாசிட்டர் ஒண்ணு வெச்சாச் சமாளிக்கலாம்னு இருந்துச்சு. வெச்சோம். நாப்பது தடவை பூட்டித் தெறந்தோம், ஒண்ணும் ஆகல!"

"சந்தோஷம் சார்."

"அதனால அந்த இடம் இனிமே தேவையில்ல. அறிவிப்பை எடுத்துடுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கெடுத்தது இன்னொருத்தர் வீட்டு உலையை. காலையில் அவர் பெயரைக் கெடுத்தேன், மதியம் வேலையையும் கெடுத்தேன். அழுகை வரும்போல இருந்தது. எட்டு மாதம் வீட்டில் இருந்தவருடைய ஒரே துருப்பு அந்த ஒன்பதாம் பக்கம், அதை இலவசமாக எடுத்துக் கொடுத்தது நான்.

திரையில் இரண்டாம் பக்கம் திறந்தபடியே இருந்தது. பக்கம் 10 என்ற எழுத்து அப்போதுதான் மனதில் உறைத்தது.

"சார், பத்தாம் பக்கம் திருப்பினீங்களா?"

"ஒன்பதுலயே விடை வந்துடுச்சே."

"சும்மா திருப்பிப் பாருங்களேன்."

காகிதம் புரளும் சத்தம். அவர் வாய்க்குள் படிக்க ஆரம்பித்து, போகப் போகச் சத்தமாகப் படித்தார். "கெப்பாசிட்டர் தற்காலிகம்... புது பேட்டரியில் மட்டும் போதும்... பேட்டரி பழசானால் வோல்டேஜ் இன்னும் இறங்கும், மீண்டும் ரீசெட் ஆகும். எனவே மோட்டாரை ஒரேயடியாக முழு வேகத்தில் கிளப்பாமல், ஃபர்ம்வேரில் படிப்படியாக வேகமெடுக்க வைக்க வேண்டும். தொடங்கியிருக்கிறேன், முடிக்க நேரமில்லை..." நிறுத்தினார்.

"நாப்பது தடவையும் என்ன பேட்டரி சார் போட்டீங்க?"

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் என் காதில் தேன் பாய்ச்சியது.

"புதுசு."

அப்புறம் தாழ்ந்த குரலில் கேட்டார். "மேடம், அவரு... வருவாரா?"

"கேட்டுச் சொல்றேன் சார். ஆனா இந்தத் தடவை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க, அதான் முறை. எண் குடுக்கறேன். முன்னாடி நான் ஒரு மன்னிப்பு கேக்கணும், பத்து நிமிஷம் பொறுங்க."

விண்ணப்பதாரர் வீட்டுக்குப் போன் அடித்தேன். மறுபடி அந்த அம்மா. "தப்பு எங்க மேலதாங்க. நீங்க சொன்னது சரி" என்றேன். உள்ளே யாரிடமோ, "ஏங்க, தப்பு அவங்க மேலயாம்!" என்று கத்தியது எனக்கே கேட்டது. அவர் போனை வாங்கியதும் அறிவிப்பு வந்த கதையையும் ஒன்பதாம் பக்கத்தையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது வேலையைப் பற்றி அல்ல.

"பத்தாம் பக்கமும் படிச்சாரா மேடம்?"

"படிச்சாரு. இப்பதான். இன்னும் கொஞ்ச நேரத்துல அவரே கூப்பிடுவாரு."

பெருமூச்சு விட்டார். "அன்னிக்குக் கையில குடுத்தப்பவே சொன்னேன், முழுசாப் படிங்கன்னு. சரி, கூப்பிடட்டும். போறேன். ஆனா இந்தத் தடவை குறிப்பெல்லாம் எழுத மாட்டேன், உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கறேன்."

சிவப்புக் குறியை எடுக்கப் போனேன். எடுப்பதற்குக் காரணம் எழுதாமல் மென்பொருள் விடாது. 'விண்ணப்பதாரர் செய்த தவறு' என்று முன்கூட்டியே அச்சடித்து, பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் வைத்திருந்தார்கள். 'விண்ணப்பதாரர்' என்பதை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன். கட்டத்தில் எழுதினேன்: இரண்டாம் பக்கம் படிக்கவில்லை.