குடிக்கக்கூடாதுன்னு யார் சொன்னா?

"நாம் ஏன் ஒரு டீ குடிக்கக்கூடாது?" வசனக்காரி எழுதியதைக் கண்ணாடி உரக்கப் படித்தாள். "குடிக்கக்கூடாதுன்னு யார் சொன்னா? டாக்டரா?"

வெளிநாட்டுப் படங்களுக்கு ஒருத்தி தமிழில் வசனம் எழுதுவாள், மூக்குக்கண்ணாடியால் கண்ணாடி என்றே பெயர் வாங்கிவிட்ட மற்றவள் திருத்துவாள். பன்னிரண்டு வருடமாக அந்த டப்பிங் கூடத்தின் சின்ன அறையில் இதுதான் பிழைப்பு. ஆங்கிலக்காரன் ஏன் கூடாது என்று கேட்டு நண்பனை அழைக்கிறான். ஜப்பானியன் வரமாட்டீர்களா என்று கேட்டால் அது மரியாதை. நம்மிடம் அப்படிக் கேட்டால் ஏதோ மனத்தாங்கல் என்றுதான் தோன்றும். இந்த விசித்திரங்களில் வசனக்காரிக்கு அலுப்பே வந்ததில்லை. "ஒரு டீ குடிப்போமா?" என்று மாற்றி எழுதினாள். திரையில் இருப்பவனின் உதட்டசைவும் பொருந்தியது.

ஆனால் அன்று அவள் மனம் டீயில் இல்லை. கண்ணாடியின் வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் இருக்கும் ஊருக்கே போய்விடுகிறேன் என்கிறாள். வசனக்காரியின் வீட்டு மாடியோ சும்மா கிடக்கிறது. எப்படிக் கேட்பது? யாராவது உதவுகிறேன் என்றாலே கண்ணாடி விலகி ஓடுகிறவள்.

காலையிலிருந்து எழுதிய வசனம் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ, பட்டென்று கேட்டுவிட்டாள்.

"நீ ஏன் எங்க மாடிக்கு வரக்கூடாது?"

ஏன் என்று கேட்டால் பதில் வராமல் இருக்குமா? கண்ணாடி விரல் விட்டு எண்ணினாள். "உங்க மாமியாருக்கு என் இருமல் ஆகாது. எனக்குப் படி ஏற முட்டி ஒத்துழைக்காது. யார் வீட்டிலயும் ஒண்டி இருந்து எனக்குப் பழக்கமில்ல." பிறகு, "பாக்கலாம்டி" என்றாள். பாக்கலாம் என்பது முடியாது என்பதற்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று வசனக்காரிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அடுத்த காட்சியை ஓட விட்டார்கள். திரையில் ஒருவன் நண்பன் முகத்தையே பார்க்கவில்லை. மழை, குளிர், பக்கத்தில் ஒரு கடை என்று ஏதேதோ சொல்லிவிட்டுத்தான் டீயைக் கேட்டான். வேண்டாம் என்று சொல்லவும் வழி விட்டுத்தான் கேட்கிறான், கள்ளன்! வசனக்காரி அந்த இடத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள்.

அவளும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே ஆரம்பித்தாள்.

"இந்த ரூம்ல வெளிச்சமே இல்ல. எங்க மாடியில சாயங்காலம் வரைக்கும் நல்ல வெயில். தனியா உக்காந்து எழுத எனக்குப் பிடிக்கல. ரெண்டு மேஜை போட்டு அங்கேயே வேலை பாக்கலாமேன்னு... சும்மா தோணுச்சு. அப்படியே நீ அங்க இருந்தாத்தான் என்ன? முட்டி வலிச்சா மெதுவா ஏறுவோம்."

கண்ணாடி ஒரு வசனத்தைப் பேனாவால் அடித்துவிட்டாள். மூக்கில் நழுவிய கண்ணாடியை மேலே தள்ளினாள்.

"ஜன்னல் பக்க மேஜை எனக்குத்தான்," என்றாள். "கண்ணு போனது எனக்கு."