அனுசுயாவின் ஃபண்டு

"மாசம் மூவாயிரம் ஃபண்டுல போடுறியா? யாரைக் கேட்டுடி?" முத்தரசு போனை நீட்டிக் கத்தியது மூன்று வீடு தாண்டிக் கேட்டது.

"ஜாக்கெட் தச்ச காசுக்கு யாரைக் கேக்கணுங்கிறீக?" என்றாள் அவர் மனைவி அனுசுயா.

பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் அவள் பேரில்தான். ஆனால் எங்கள் தெருப் பெண்களுக்கு எந்தப் படிவத்திலும் வீட்டுக்காரர் நம்பரை எழுதியே கை பழகிவிட்டது. மியூச்சுவல் ஃபண்டு படிவத்திலும் அதையே எழுதியிருந்தாள். ஆறு வருஷமாக வந்த மெசேஜை விளம்பரம் என்று தள்ளிய மனிதர், பிளாட் தரகர் மெசேஜைத் தேடியபோது பார்த்துவிட்டார்.

"வித்துக் குடு, சாக்கோட்டைல பிளாட் வாங்கணும்."

"பத்திரம் யாரு பேருல?"

"எம்பேருலதான்!"

விற்கக் கேட்கும் ஓடிபி எண் அவர் போனுக்கல்லவா போகும், அவரே விற்றுவிடலாமே! விற்றாலும் பணம் அவள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும்; ஆனால் வந்ததை அவர் நச்சரித்தே கறந்துவிடுவார்.

மறுநாள் காலையில் டவுன்பஸ் ஏறிப்போய், ஃபண்டு அலுவலகத்தில் தன் நம்பரை மாற்றிக் கொடுத்தாள். மாறும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவருடைய போன் கிணுகிணுத்தால் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். மனைவிக்குத் திடீர்ப் பாசம் பொங்குகிறது என்று அவர் பூரித்தார்.

நான்காம் நாள் நம்பர் மாறிவிட்டதென்று அவள் போனில் மெசேஜ் வந்தது. "விக்க மாட்டேங்க," என்றாள் நிதானமாக.

முத்தரசு பிஎஃப் லோன் போட்டு பிளாட் வாங்கினார். மகள் கீர்த்தி கோயம்புத்தூருக்கு வாக்கப்பட்டுப் போனாள். அனுசுயா தையல் மிஷினோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை பிடித்துப் போய்விட்டாள். சண்டைச் சத்தம் கேட்காமல் எங்களுக்குத்தான் பொழுது போகவில்லை.