பன்னிரண்டு ரூபாய் முப்பத்து மூன்று காசு

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, பாங்கின் தண்டையார்பேட்டைக் கிளையில் செக் வாங்கும் கரோலின் அதைப் பார்த்தாள். வேறொருவர் சலானின் முதுகில் ஒரு செக் ஒட்டிக்கொண்டிருந்தது. ராயபுரம் கருவாட்டு வியாபாரி ஹுமாயூன் திங்கள் காலையே கொடுத்த ஒரு லட்சத்து எண்பதாயிரம். கருவாடு பிடித்த கை, உப்பும் ஈரமும். அவரைக் குறை சொல்லி என்ன? செக்குகளை எண்ணிப் பார்க்காமல் கட்டைக் கட்டியது இவள்தானே. அவர் கையில் திங்கள் தேதி முத்திரை போட்ட ரசீது வேறு இருக்கிறது.

திங்களே ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தால் அன்று சாயங்காலமே பணம் ஏறியிருக்கும். பதறிப்போய் அப்போதே அனுப்பினாள்.

பன்னிரண்டு மணிக்கு அடுத்த இடி. படகுக்காரர் சாலமோனுக்கு ஹுமாயூன் கொடுத்த ஒன்றே முக்கால் லட்ச ரூபாய் செக் பாஸுக்கு வந்து நின்றது. கணக்கில் இருந்ததோ ஒன்பதாயிரம். ஏழு மணிக்குள் பாஸா ரிட்டர்னா சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாஸ் என்றே அர்த்தம், பணம் பாங்கின் தலையில். திருப்பினால் ஹுமாயூன் பேர் காசிமேடு வரை நாறும், சாலமோன் கேஸே போடலாம். பாவம் மனுஷன், ஹுமாயூன் என்ன தப்பு செய்தார்?

மேனேஜர் வேதமாணிக்கத்திடம் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம்தான் அவளை நிரந்தரமாக்கும் அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நாலு, ஐந்து, ஐந்தரை. ஹுமாயூன் கொடுத்த செக்குக்குப் பணம் தர வேண்டிய எதிர் பாங்கிடமிருந்து தகவலே வரவில்லை. ஏழுக்குள் அவர்கள் ரிட்டர்ன் அடித்துவிட்டால்?

ஆறு மணிக் கணக்கு முடிப்பில் பணம் வந்தது. ஹுமாயூன் கணக்கில் ஏற்றி, சாலமோன் செக்கைப் பாஸ் செய்தாள். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

அத்தோடு முடிந்ததா? ஒரு நாள் தாமதம் பாங்கின் தப்பு என்றால், சேமிப்புக் கணக்கு வட்டியில் ஒரு நாளுக்கு, ஆள் கேட்காமலே கொடுத்தாக வேண்டும். இரண்டரை சதவீதத்தில் பன்னிரண்டு ரூபாய் முப்பத்து மூன்று காசு. அதைப் போட்டால் காரணம் எழுத வேண்டும். போடாவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. போன பயம் இரட்டிப்பாய்த் திரும்பி வந்தது.

அரை மணி நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு எழுதி, மேனேஜர் மேஜையில் வைத்தாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "அந்த ஆள் கேக்கவே இல்லையேம்மா."

"கேக்காமலே குடுக்கணும் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். ஒரு வெள்ளைத் தாளையும் அவள் பக்கம் தள்ளினார். "விளக்கம் எழுதிக் குடு. உன் ஃபைல்ல வெக்கணும்."

அந்த வட்டிப் பணம் அன்றே ஹுமாயூன் கணக்கில் ஏறிவிட்டது. கரோலினுக்கு வேலை நிலைக்குமா என்பது அடுத்த வாரம்தான் தெரியும்.